ஒரே உருளை, மூன்று விடைகள்: பகுதி வகைக்கெழுவும் முழு வகையீடும் எங்கே பிரிகின்றன?

ஓர் உருளையின் ஆரம் 5 செ.மீ., உயரம் 20 செ.மீ. ஆரம் மிகச் சிறிதளவு கூடினால் அதன் கன அளவு என்ன வீதத்தில் கூடும்? ஒருவர் 200π என்கிறார், இன்னொருவர் 300π என்கிறார், மூன்றாமவர் 100π என்கிறார். மூவர் கணக்கிலும் பிழை கிடையாது. கேள்விதான் முழுமையாகக் கேட்கப்படவில்லை.

இரு மாறிச் சார்புகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ∂V/∂r என்ற குறியீடும் dV என்ற குறியீடும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே உருளையை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

உருளையின் கன அளவு V = πr²h. இதில் r, h இரண்டும் சாரா மாறிகள். V அவற்றைச் சார்ந்தது.

பகுதி வகைக்கெழு என்பது ஒரு மாறியை மட்டும் அசைத்து, மற்றதைப் பிடித்துவைத்துக் காணும் வீதம். h-ஐ மாறிலியாகக் கொண்டு r-ஐப் பொறுத்து வகையிட்டால் ∂V/∂r = 2πrh. r-ஐ மாறிலியாகக் கொண்டு h-ஐப் பொறுத்து வகையிட்டால் ∂V/∂h = πr². நமது உருளையில் இவற்றின் மதிப்புகள் முறையே 200π, 25π.

முழு வகையீடு என்பது இரண்டு மாறிகளும் ஒருசேர அசையும்போது V-யில் ஏற்படும் மாற்றத்தின் நேரியல் தோராயம்:

```
dV = (∂V/∂r) dr + (∂V/∂h) dh
   = 2πrh dr + πr² dh
```

இங்கே dr, dh என்பவை நாம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் இரண்டு சிறிய அடிகள். ஒன்றையொன்று சாராமல் எந்த மதிப்பையும் எடுக்கலாம். ஒன்று கூடும்போது மற்றது குறையலாம். ஒன்று பூச்சியமாகவும் இருக்கலாம்.

ஆக, ஒரு குறிப்பிட்ட புள்ளியில் ∂V/∂r என்பது ஓர் எண். dV அப்படியல்ல. dr, dh என்ற இரண்டு உள்ளீடுகளை வாங்கிக்கொண்டு ஒரு விடை தரும் சூத்திரம் அது. அலகைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ∂V/∂r-இன் அலகு சதுர செ.மீ., அதாவது ஒரு செ.மீ. ஆரத்துக்கு இத்தனை கன செ.மீ. என்ற வீதம். dV-யின் அலகு கன செ.மீ., அதாவது ஒரு மாற்றம். விடைத்தாளில் dV = 200π என்று எழுதியிருந்தால், அடியால் பெருக்க மறந்துவிட்டார்கள் என்று அலகை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

## எண்களை வைத்துப் பார்ப்போம்

ஆரம் 5-லிருந்து 5.1 ஆகிறது, உயரம் 20-லிருந்து 20.3 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் dr = 0.1, dh = 0.3.

```
dV = 200π × 0.1 + 25π × 0.3 = 20π + 7.5π = 27.5π
```

உண்மையான மாற்றத்தை நேரடியாகக் கணக்கிடலாம். 5.1² × 20.3 = 528.003. பழைய மதிப்பு 5² × 20 = 500. ஆகவே உண்மையான மாற்றம் ΔV = 28.003π. தோராயம் சொன்னது சுமார் 86.39 கன செ.மீ.; உண்மை சுமார் 87.97. பகுதி வகைக்கெழு ஒன்றை மட்டும் நம்பி 20π என்று நிறுத்தியிருந்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கைவிட்டுப் போயிருக்கும்.

விடுபட்ட 0.503π எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் முழு வகையீட்டைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. (r + dr)²(h + dh) என்பதை விரித்து, அதிலிருந்து r²h-ஐயும் நேரியல் உறுப்புகளையும் கழித்தால் மூன்று உறுப்புகள் மிஞ்சும்:

1. h(dr)² = 20 × 0.01 = 0.2
2. 2r·dr·dh = 10 × 0.03 = 0.3
3. (dr)²·dh = 0.01 × 0.3 = 0.003

கூட்டினால் சரியாக 0.503. மூன்றிலுமே அடிகள் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டிருக்கின்றன. தனித்த dr, தனித்த dh எதுவும் இல்லை. இதில் இரண்டாவது உறுப்பைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆரமும் உயரமும் சேர்ந்து அசைந்ததால் மட்டுமே பிறந்த உறுப்பு அது. ஒவ்வொரு மாறியையும் தனித்தனியே அசைத்துச் சோதித்தால் அது கண்ணில் படவே படாது.

இப்போது அடிகளைப் பாதியாக்குவோம்: dr = 0.05, dh = 0.15. தோராயமும் பாதியாகி 13.75π ஆகும். உண்மையான மாற்றம் 13.875π-ஐ ஒட்டி வரும். மிச்சம் 0.125π, அதாவது முன்பிருந்ததில் ஏறத்தாழ கால்பங்கு. அடி பாதியானால் மிச்சம் காலாகிறது. அடியைவிட மிச்சம் வேகமாகச் சுருங்குகிறது. dV-ஐத் தோராயம் என்று நம்பிப் பயன்படுத்த நமக்குள்ள உரிமை முழுவதும் இந்தச் சுருக்கத்திலிருந்துதான் வருகிறது.

வடிவியலில் சொல்வதானால், V-ஐ r–h தளத்தின் மேல் எழும்பி நிற்கும் ஒரு பரப்பாக வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பரப்பை h = 20 என்ற இடத்தில் செங்குத்தாக வெட்டினால் கிடைக்கும் வளைவரையின் சாய்வே ∂V/∂r. முழு வகையீடு அந்தப் புள்ளியில் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் தொடுதளத்தின் ஏற்ற இறக்கம். எந்தத் திசையில் நகர்ந்தாலும் அது எவ்வளவு ஏறும் என்று சொல்லும்.

## 200π, 300π, 100π: மூன்றும் எப்படிச் சரி?

ஆரம்பக் கேள்விக்கு வருவோம். "ஆரம் கூடினால்" என்று மட்டும் கேட்டால், அந்த நேரத்தில் உயரம் என்ன செய்கிறது என்ற தகவல் விடுபட்டுப்போகிறது. dV சூத்திரத்தை dr-ஆல் வகுத்தால் இது வெளிப்படையாகத் தெரியும்:

```
dV/dr = 200π + 25π × (dh/dr)
```

200π-யும் 25π-யும் மூன்று பேருக்கும் பொது. வித்தியாசம் dh/dr-இல்தான்.

1. உயரம் அசையவில்லை. dh/dr = 0. விடை 200π. வழக்கமாக எழுதும் ∂V/∂r இதுதான்.

2. உருளையின் வடிவ விகிதம் மாறக்கூடாது. உயரம் எப்போதும் ஆரத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது h = 4r. அப்போது dh/dr = 4. விடை 200π + 100π = 300π. சரிபார்க்க, h = 4r என்று முதலிலேயே பிரதியிட்டால் V = 4πr³; அதன் வகைக்கெழு 12πr²; r = 5 எனில் 300π.

3. வளைபரப்பு மாறக்கூடாது. உருளையின் பக்கத்தைச் சுற்றியிருக்கும் தகட்டின் பரப்பு S = 2πrh நிலையாக இருக்க வேண்டும். ஆரம் கூடினால் உயரம் குறைந்தே ஆக வேண்டும். rh மாறிலி என்பதால் dh/dr = −h/r = −4. விடை 200π − 100π = 100π.

இரண்டாவது விடையை முழு வகைக்கெழு என்பார்கள். h இங்கே r-ஐச் சார்ந்துவிட்டதால், r அசைவதன் நேரடி விளைவோடு h வழியாக வரும் மறைமுக விளைவும் சேர்கிறது. "h-இலும் r ஒளிந்திருக்கிறது, ஆனாலும் பகுதி வகைக்கெழுவே போதும்" என்று விட்டுவிடுவது தேர்வுகளிலும் கணக்கீட்டு வேலைகளிலும் அடிக்கடி நிகழும் தவறு. வகையிடத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்த மாறிகளுக்கு இடையே வேறு ஏதாவது சமன்பாடு இருக்கிறதா? இருந்தால், முழு வகையீட்டை எழுதி, அதில் அந்தச் சமன்பாட்டின் வகையீட்டைப் பிரதியிடுங்கள். அவ்வளவுதான் வேலை.

மூன்றாவது விடை இன்னும் நுட்பமானது. அதையும் ஒரு பகுதி வகைக்கெழுவாகவே எழுதலாம். S-ஐ மாறியாக எடுத்துக்கொண்டால் V = rS/2 என்றாகும். S-ஐப் பிடித்துவைத்து r-ஐப் பொறுத்து வகையிட்டால் S/2. நமது உருளையில் S = 200π; எனவே விடை 100π. அதாவது ∂V/∂r என்ற அதே குறியீட்டுக்கு 200π என்றும் 100π என்றும் இரண்டு மதிப்புகள், எதைப் பிடித்துவைத்தோம் என்பதைப் பொறுத்து!

இந்த இரட்டைப் பொருள் ∂ குறியீட்டின் உண்மையான குறைபாடு என்றே சொல்ல வேண்டும். 1786-இல் லெஜாந்தர் அறிமுகப்படுத்திக் கைவிட்டு, 1841-இல் ஜாக்கோபி மீண்டும் எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குறியீடு அது. எந்த மாறியை அசைக்கிறோம் என்று சொல்கிறது. எதை அசையாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்வதில்லை. வெப்ப இயக்கவியலில் அழுத்தம், கன அளவு, வெப்பநிலை ஆகியவற்றில் எந்த இரண்டையும் சாரா மாறிகளாக எடுக்க முடியும் என்பதால், பிடித்துவைத்த மாறியை அடைப்புக்குறிக்குக் கீழே எழுதிக் காட்டும் வழக்கம் உண்டு. நமது கணக்கில் (∂V/∂r)_h = 200π, (∂V/∂r)_S = 100π. இரண்டுக்கு மேற்பட்ட மாறிகள் புழங்கும் எந்தக் கணக்கிலும் இப்படி எழுதிப் பழகுவது நல்லது.

## மாறிகளை மாற்றினாலும் dV மாறாது

பகுதி வகைக்கெழு இப்படி ஆளுக்கொரு விடை சொல்லும்போது முழு வகையீடு என்ன செய்கிறது என்று சோதிப்போம். அதே அடிகள்: dr = 0.1, dh = 0.3. இம்முறை r, S ஆகியவற்றை மாறிகளாக வைத்துக் கணக்கிடுவோம்.

முதலில், S எவ்வளவு மாறியது?

```
dS = 2πh dr + 2πr dh
   = 40π × 0.1 + 10π × 0.3 = 7π
```

V = rS/2 என்பதிலிருந்து:

```
dV = (S/2) dr + (r/2) dS
   = 100π × 0.1 + 2.5 × 7π
   = 10π + 17.5π = 27.5π
```

முன்பு 20π + 7.5π, இப்போது 10π + 17.5π. பங்குகள் அடியோடு மாறிவிட்டன, மொத்தம் அப்படியே இருக்கிறது. "மாற்றத்தில் ஆரத்தின் பங்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு, உடன் வைத்துக்கொள்ளும் மாறி எது என்று சொல்லாமல் விடையே கிடையாது என்பதை இந்த இரண்டு வரிகளும் காட்டுகின்றன. "கன அளவு எவ்வளவு மாறியது?" என்ற கேள்விக்கு அப்படிப்பட்ட சிக்கல் இல்லை. உருளை உண்மையில் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனது என்பதை மட்டுமே dV சார்ந்திருக்கிறது. நாம் அதை எந்த மாறிகளால் வர்ணிக்கிறோம் என்பதைச் சார்ந்ததல்ல.

## ∂-களை அடித்துவிடக் கூடாது

கன அளவு மாறாமல் இருக்க வேண்டும். ஆரம் கூடினால் உயரம் என்ன வீதத்தில் குறைய வேண்டும்? dV = 0 என்று வைத்தால் போதும்:

```
200π dr + 25π dh = 0
dh/dr = −200π / 25π = −8
```

பொதுவாக எழுதினால் dh/dr = −(∂V/∂r)/(∂V/∂h). வலப்பக்கத்தில் ∂V-ஐ மேலும் கீழும் அடித்துவிட்டால் ∂h/∂r மட்டும் நின்று, முன்னால் ஒரு குறைக்குறி பொருத்தமில்லாமல் தொங்கும். அப்படிச் செய்பவர்கள் அந்தக் குறைக்குறியை அச்சுப்பிழை என்று நினைத்து அழித்துவிடுவதும் உண்டு. அடிக்க முடியாததற்குக் காரணம் எளிது: மேலே உள்ள ∂V, ஆரம் மட்டும் அசைந்தபோது வந்த மாற்றம்; கீழே உள்ள ∂V, உயரம் மட்டும் அசைந்தபோது வந்த மாற்றம். எழுத்து ஒன்றானாலும் அளவு வேறு. கன அளவு நிலைத்திருக்க இவை இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். குறைக்குறி சொல்வது அதைத்தான்.

எண்ணிலும் பார்க்கலாம். dr = 0.1 என்றால் dh = −0.8. புதிய உருளைக்கு 5.1² × 19.2 = 499.392. அடியைச் சிறிதாக்கினால் 500-க்கு இன்னும் நெருங்கும். குறைக்குறியை விட்டுவிட்டு உயரத்தை 0.8 கூட்டியிருந்தால் 541-ஐத் தாண்டியிருக்கும்.

## அளவீட்டுப் பிழைக்குப் பயன்படுத்தும்போது

முழு வகையீடு நடைமுறையில் மிகுதியாகப் பயன்படுவது பிழை மதிப்பீட்டில். ஆரம் 5 ± 0.1, உயரம் 20 ± 0.3 என்று அளந்திருந்தால், கன அளவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும்?

dV-ஐ V-ஆல் வகுத்தால் ஒரு வசதியான வடிவம் கிடைக்கிறது:

```
dV/V = 2(dr/r) + (dh/h)
```

ஆரத்தில் 2 சதவீதம், உயரத்தில் 1.5 சதவீதம்; ஆகவே கன அளவில் 2 × 2 + 1.5 = 5.5 சதவீதம். ஆரத்தின் பிழை இரட்டிப்பாக உள்ளே நுழைகிறது. அளவீட்டைத் துல்லியமாக்க நேரம் செலவழிப்பதானால் முதலில் ஆரத்தில் செலவழிக்க வேண்டும்.

இங்கே குறியை மறக்கக் கூடாது. முழு வகையீட்டில் dr, dh குறியோடு வருபவை. ஆரம் 0.1 கூடி உயரம் 0.3 குறைந்தது என்று *தெரிந்தால்* dV = 20π − 7.5π = 12.5π. ஆனால் அளவீட்டுப் பிழையின் குறி நமக்குத் தெரியாது. அதனால் மிக மோசமான நிலையைக் காண ஒவ்வோர் உறுப்பின் மட்டு மதிப்பையும் எடுத்துக் கூட்டுகிறோம்: 27.5π. குறி தெரிந்த மாற்றத்துக்கு மட்டு மதிப்பைக் கூட்டுவதும், குறி தெரியாத பிழைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடுவதும் இரண்டுமே தவறு. பின்னதில் ஆபத்து அதிகம், ஏனெனில் பிழை உள்ளதைவிடச் சிறியதாகத் தோன்றும்.

## பகுதி வகைக்கெழுக்கள் இருந்தும் முழு வகையீடு இல்லாத இடம்

இதுவரை ஒன்றைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டு வந்தோம்: இரண்டு பகுதி வகைக்கெழுக்களையும் கண்டுபிடித்துவிட்டால் dV-ஐ எழுதிவிடலாம் என்று. உருளைக்கு அது சரி. எல்லாச் சார்புக்கும் சரியல்ல.

f(x, y) = √|xy| என்ற சார்பை ஆதிப்புள்ளியில் பாருங்கள். y = 0 என்று வைத்து x-ஐ அசைத்தால் சார்பின் மதிப்பு பூச்சியமாகவே இருக்கும்; எனவே ∂f/∂x = 0. அதேபோல் ∂f/∂y = 0. சார்பு அங்கே தொடர்ச்சியானதும்கூட. சூத்திரத்தில் போட்டால் df = 0·dx + 0·dy = 0; எந்தத் திசையில் போனாலும் மாற்றமே இராது என்கிறது.

ஆனால் dx = dy = 0.01 என்று மூலைவாட்டில் ஓர் அடி எடுத்தால் f = 0.01. மிச்சம் 0.01, அடியின் நீளம் 0.01 × √2. இரண்டின் விகிதம் சுமார் 0.707. அடியைப் பத்தில் ஒரு பங்காக்கி 0.001 என்று எடுத்தாலும் விகிதம் அதே 0.707. உருளையில் அடி பாதியானபோது மிச்சம் காலானது. இங்கே அடியும் மிச்சமும் ஒரே வேகத்தில் சுருங்குகின்றன. மிச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆகவே இந்தச் சார்புக்கு ஆதிப்புள்ளியில் முழு வகையீடு கிடையாது. மேலே எழுதிய df வெறும் எழுத்துகளின் கூட்டல்; தோராயம் அல்ல.

காரணம் நேரடியானது. பகுதி வகைக்கெழு இரண்டும் சேர்ந்து பார்ப்பது அச்சுகளின் வழியே செல்லும் இரண்டு கோடுகளை மட்டுமே. அந்தக் கோடுகளுக்கு நடுவில் பரப்பு மடிந்திருந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. முழு வகையீடு எல்லாத் திசைகளுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

ஒரு புள்ளியில் முழு வகையீடு உண்டா என்று சோதிக்கும் வரிசை:

1. அப்புள்ளியில் இரு பகுதி வகைக்கெழுக்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் முழு வகையீடு இல்லை.
2. அந்தப் புள்ளிக்கு அருகே எங்கும் அவை இருந்து, அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாகவும் இருந்தால் முழு வகையீடு நிச்சயம் உண்டு. உருளையின் 2πrh, πr² இரண்டும் பல்லுறுப்புக் கோவைகள் என்பதால் இந்த நிபந்தனை உடனே நிறைவேறியது.
3. தொடர்ச்சி இல்லையென்றால் அவசரப்பட்டு "இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது; இரண்டாவது நிபந்தனை போதுமானது மட்டுமே, கட்டாயமானதல்ல. மிச்சத்தை அடியின் நீளத்தால் வகுத்து, எல்லாத் திசைகளிலிருந்தும் அது பூச்சியத்தை நெருங்குகிறதா என்று நேரடியாகப் பார்க்க வேண்டும்.

பாடக் கணக்குகளில் வரும் பெரும்பாலான சார்புகள் இரண்டாவது படியிலேயே தேறிவிடும். மட்டு மதிப்பு உள்ள இடம், வர்க்கமூலத்துக்குள் பூச்சியம் வரும் இடம், பின்னத்தின் பகுதி பூச்சியமாகிவிடுவதால் மதிப்பைத் தனியாக வரையறுத்திருக்கும் இடம் ஆகிய மூன்றில் மட்டும் dx, dy என்று எழுதுவதற்கு முன் கையை நிறுத்தி மூன்றாவது படியைச் செய்து பார்க்க வேண்டும்.